சான்றிதழ் வந்தால் வரி வந்ததாகுமா? டிடிஎஸ் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

ஜூன் பிறந்துவிட்டால் என் போனுக்குப் படம் படமாக வரும். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். அவர்களில் பலர் கஞ்சிக்கோட்டு ஃபேக்டரிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள். ஃபேக்டரிக்காரர்கள் பில் தொகையில் டிடிஎஸ் என்று வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். அந்தப் பிடித்தத்துக்கான சான்றிதழை மேசையில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். படம் சாய்ந்திருக்கும், ஓரம் மடங்கியிருக்கும், பாதியில் கை நிழல் விழுந்திருக்கும். கூடவே ஒரு குரல் செய்தியும் வரும்: "தம்பி, சர்ட்டிபிகேட் வந்துருச்சு. இனி ஒண்ணும் பார்க்க வேண்டியதில்லையே?"

பார்க்க வேண்டியது இருக்கிறது. சான்றிதழ் கையில் இருந்தால் வரி நம் கணக்கில் ஏறிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. அதைவிட ஒரு படி மேலே போய், நம் பெயரில் ஏறிய வரியைக் காட்டும் வருமான வரித்துறையின் 26ஏஎஸ் பட்டியலோடு சான்றிதழை ஒப்பிட்டு, இரண்டும் டேலி ஆனதும் மூடி வைத்துவிடுபவர்களும் நிறைய. அந்த இரண்டாவது வேலை நல்லதுதான். ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு அது எதையும் உறுதி செய்வதில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

## பால் சொசைட்டியும் சமையலறைக் காலண்டரும்

எங்கள் சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மாடு இல்லாத வீடு குறைவு. காலையில் பாலைக் கொண்டுபோய் சொசைட்டியில் ஊற்றுகிறோம். அங்கே இருப்பவர் அளந்து தன் பதிவேட்டில் எழுதுகிறார். வாரம் முடிந்ததும் அந்தப் பதிவேட்டைப் பார்த்து நமக்கு ஒரு சீட்டு தருகிறார்.

செவ்வாய்க்கிழமை காலை ஊற்றிய 6 லிட்டரை அவர் எழுத மறந்துவிட்டார் என்று வையுங்கள். சீட்டிலும் அது இருக்காது. சீட்டையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அச்சு அசலாக ஒத்துப்போகும். ஒன்றைப் பார்த்து எழுதியதுதானே மற்றொன்று! விட்டுப்போன 6 லிட்டர் தெரிய வேண்டுமானால், சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில் அம்மா பென்சிலால் எழுதி வைத்த கணக்கைப் பார்க்க வேண்டும். சொசைட்டிக்காரரின் கை படாத கணக்கு அது ஒன்றுதான்.

டிடிஎஸ்ஸிலும் இதே நிலைதான். சான்றிதழ்தான் சீட்டு, 26ஏஎஸ்தான் பதிவேடு. காலண்டருக்குப் பதில் நம் பில் புத்தகமும் பேங்க் பாஸ்புக்கும் இருக்கின்றன.

## பிடித்த வரி எந்த வழியில் நம்மிடம் வருகிறது

டிடிஎஸ் என்பது, பணம் கொடுப்பவரே நம் வருமான வரியில் ஒரு பகுதியை முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டுவது. பிடிப்பவரைப் பிடித்தவர் என்றும், யாருடைய பணத்தில் பிடித்தாரோ அவரை வரிதாரர் என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். ஜாப் ஒர்க் கூலிக்கு இதுவரை பொருந்தி வந்தது பழைய சட்டத்தின் 194சி பிரிவு. தனிநபர் பட்டறை என்றால் 1 சதவீதம், கம்பெனியோ கூட்டு நிறுவனமோ என்றால் 2 சதவீதம். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. கீழே நான் காட்டும் கணக்கு 2024-25-ஆம் ஆண்டுக்கானது, அதனால் பழைய எண்களையே வைத்திருக்கிறேன்.

நம் பில் ஃபேக்டரிக்குப் போனதும் அங்கே கணக்கர் அதைத் தன் லெட்ஜரில் ஏற்றுகிறார். ஏற்றும் நாளிலா, பணம் கொடுக்கும் நாளிலா, எது முதலில் வருகிறதோ அன்றைக்கு வரி பிடிக்க வேண்டும். அந்த மாதம் பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் பேங்கில் கட்ட வேண்டும். மார்ச் மாதத்து வரிக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. கட்டியதற்கு ஆதாரம் சலான்.

அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, யார் யாருக்கு எவ்வளவு பிடித்தோம், எந்தச் சலானில் கட்டினோம் என்று 26க்யூ என்ற அறிக்கையை அவர் தாக்கல் செய்கிறார். ஒவ்வொரு பதிவிலும் வரிதாரரின் பான் எண் இருக்கும். துறை அந்த அறிக்கையை வாங்கி, சலானோடு சரிபார்த்து, பான் எண் வாரியாகப் பிரித்துப் போடுகிறது. நம் பான் எண்ணுக்கு வந்து சேர்ந்த பதிவுகளின் தொகுப்புதான் 26ஏஎஸ். அதே அறிக்கையிலிருந்து, டிரேசஸ் என்ற துறை இணையதளத்தின் வழியாகப் பிடித்தவர் இறக்கிக் கொடுக்கும் சான்றிதழ்தான் படிவம் 16ஏ.

2012 ஏப்ரல் 1-க்குப் பிறகு பிடித்த வரிக்கு 16ஏ சான்றிதழை இந்த வழியில்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆபீசில் தாங்களாகவே டைப் அடித்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்ட காகிதம் இன்னமும் சில இடங்களிலிருந்து வருகிறது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. முறையான 16ஏ கொடுங்கள் என்று கேட்டு வாங்குவதுதான் வழி.

இதுவரை சொன்னதைத் திரட்டினால் இவ்வளவுதான்: சான்றிதழும் 26ஏஎஸ்ஸும் 26க்யூ என்ற ஒரே அறிக்கையிலிருந்து கிளைத்தவை. அறிக்கையில் ஒரு பில் விட்டுப்போனால் இரண்டிலும் விட்டுப்போகும். அறிக்கைக்கு முன்னால் இருப்பது பிடித்தவரின் லெட்ஜர். அதற்கும் முன்னால் இருப்பது நம் பில்.

## படத்தில் எதைப் பார்ப்பது

16ஏ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேலே சான்றிதழ் எண், பிடித்தவரின் பெயர், அவருடைய டான் எண், நம் பான் எண் ஆகியவை இருக்கும். டான் என்பது வரி பிடிப்பவர்களுக்குத் துறை தரும் 10 எழுத்து அடையாளம். முதலில் 4 ஆங்கில எழுத்து, பிறகு 5 இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. பான் எண்ணும் 10 எழுத்துதான், ஆனால் அமைப்பு வேறு: 5 எழுத்து, 4 இலக்கம், ஓர் எழுத்து.

அதற்குக் கீழே இருப்பவற்றில் இரண்டு அட்டவணைகள் முக்கியம். புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதல் அட்டவணையில் எந்தத் தேதியில் எவ்வளவு தொகை கொடுத்தார்கள் அல்லது கணக்கில் ஏற்றினார்கள் என்று இருக்கும். அந்தத் தொகைக்கு எவ்வளவு வரி என்பது பக்கத்தில் இருக்காது. வரி இருப்பது கீழே சலான் அட்டவணையில். எந்தச் சலானில் நமக்காக எவ்வளவு கட்டினார்கள், பேங்க் கிளையின் 7 இலக்க பிஎஸ்ஆர் எண், கட்டிய தேதி, 5 இலக்கச் சலான் வரிசை எண் எல்லாம் அங்கே இருக்கும். பில்லையும் வரியையும் இணைக்கும் கோடு சான்றிதழில் கிடையாது. அதை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும். 26ஏஎஸ்ஸில் மட்டும் தொகையும் வரியும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

இந்த அமைப்பால் ஒரு நன்மையும் உண்டு. மங்கலான படத்திலிருந்து எண்களை எடுக்கும்போது, கையால் டைப் அடித்தாலும் சரி, படத்தை எழுத்தாக்கும் மென்பொருளில் போட்டாலும் சரி, 1-ம் 7-ம் மாறும், 3-ம் 8-ம் மாறும். மேல் அட்டவணைத் தொகைகளைக் கூட்டி 1 சதவீதம் போடுங்கள். கீழ் அட்டவணை வரிகளைத் தனியாகக் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றாக வரவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் கண்ணை.

சென்ற ஆண்டு ஒரு படத்தில் 71,000 என்பதை நான் 77,000 என்று எடுத்துவிட்டேன். மூன்று தொகைகளின் கூட்டல் 1,87,500 என்று வந்தது. வரி 1,875 இருக்க வேண்டும், சான்றிதழில் 1,815 இருந்தது. 60 ரூபாய் வித்தியாசம். 1 சதவீதத்தில் 60 ரூபாய் என்றால் தொகையில் 6,000 ரூபாய் கூடியிருக்கிறது. ஆயிரங்களில் 6 கூடுவது பெரும்பாலும் 1-ஐ 7 என்று படித்தால்தான். படத்தைத் திரும்பத் திறந்து பெரிதாக்கினேன். மடிப்புக் கோடு சரியாக அந்த 1-இன் தலையில் போயிருந்தது.

பான், டான் எண்களில் பிழை பிடிக்க அவற்றின் அமைப்பே உதவும். பான் எண்ணின் முதல் ஐந்து இடத்தில் சுழியம் வர முடியாது, அங்கே வட்டமாகத் தெரிவது ஓ என்ற எழுத்துதான். ஆறாவது இடத்திலிருந்து ஒன்பதாவது இடம் வரை எழுத்து வர முடியாது.

ரூபாய்க்குக் கீழே வரும் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். 48,545 ரூபாய்க்கு 1 சதவீதம் 485 ரூபாய் 45 காசு. ஒருவர் 485 என்பார், ஒருவர் 486 என்பார். ஆனால் அந்தத் தளர்வு வரியில் மட்டும்தான். தொகையில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் காரணம் தேடுங்கள், அது வேறொரு பில்லாக இருக்கலாம்.

## ஒரே காலாண்டுக்கு இரண்டு படங்கள்

படங்களை வைத்து வேலை செய்வதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். பிடித்தவர் தன் அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்தால் புதுச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பார். பழைய படமும் நம் போனிலேயே கிடக்கும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரிதான்.

ஒரு பட்டறைக்கு 2024 ஜூலை முதல் செப்டம்பர் வரையான காலாண்டுக்கு இப்படி இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் தொகை 54,000, வரி 540. மற்றொன்றில் தொகை 1,24,000, வரி 1,240. பட்டறைக்காரரின் மகன் இரண்டையும் கூட்டி வரி 1,780 என்று எழுதி வைத்திருந்தார். முதல் அறிக்கையில் 70,000 ரூபாய் பில் ஒன்று விட்டுப்போய், திருத்தத்தில் சேர்ந்திருக்கிறது. இரண்டாவது சான்றிதழ் முதலாவதையும் உள்ளடக்கியது. சரியான வரி 1,240 மட்டும்.

இதைக் கண்டுபிடிக்க சான்றிதழின் தலையிலேயே `Last updated on` என்று ஒரு தேதி இருக்கும். ஒரே டான், ஒரே காலாண்டு என்று இரண்டு படங்கள் கிடைத்தால் அந்தத் தேதி எதில் பிந்தியதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுங்கள். பிந்திய படத்தில் வரி குறைந்திருந்தாலும் அதுதான் செல்லும். படத்தின் மேலேயே சந்தேகம் வந்தால் டிரேசஸ் தளத்தில் டான் எண், சான்றிதழ் எண், நிதியாண்டு, வரித்தொகை ஆகியவற்றைக் கொடுத்து வரிதாரரே சரிபார்க்கவும் வசதி இருக்கிறது. முடிந்தால் படத்துக்குப் பதில் பிடிஎஃப் கோப்பையே கேளுங்கள். அதில் டிஜிட்டல் கையொப்பம் போட்டிருந்தால் அதையும் சோதிக்கலாம், படத்தில் அது வெறும் கோலம்தான்.

சரி, படத்தின் பங்கு இதோடு முடிகிறது. படம் சரியாகப் படிக்கப்பட்டதா, கடைசித் திருத்தத்தின் படம்தானா என்ற இரண்டும் தெளிவான பிறகுதான் மற்றக் கணக்குகளோடு அதை ஒப்பிட வேண்டும்.

## நம் புத்தகத்தோடு ஒப்பிடும்போது

நம் பக்கத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது பில் வாரியான பட்டியல். பில் எண், தேதி, ஜிஎஸ்டி சேராத தொகை, ஜிஎஸ்டி, பேங்கில் வந்த பணம், வந்த தேதி. இதில் பலரும் சறுக்குவது ஜிஎஸ்டியில். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதன்மேல் டிடிஎஸ் பிடிக்கக் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 ஜூலையிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதனால் சான்றிதழில் வரும் தொகை ஜிஎஸ்டி சேராதது. பேங்கில் வரும் தொகையோ ஜிஎஸ்டி சேர்ந்து டிடிஎஸ் கழிந்தது. இரண்டையும் நேராக ஒப்பிட்டால் ஒரு நாளும் ஒத்துப்போகாது.

62,000 ரூபாய் பில்லை எடுத்துக்கொள்வோம். 2025 தொடக்கத்தில் இருந்த 12 சதவீத ஜிஎஸ்டி 7,440. பில் மொத்தம் 69,440. டிடிஎஸ் 620 போக பேங்கில் வருவது 68,820. பாஸ்புக்கில் 68,820 இருந்தால் 620 பிடித்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும், சான்றிதழ் வந்தாலும் வராவிட்டாலும். பாஸ்புக்கைக் காலண்டரோடு சேர்த்துச் சொன்னது இதனால்தான்.

ஒரு பில்லுக்கு ஒரு பதிவு என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். சில கணக்கர்கள் மாதக் கடைசியில் மூன்று பில்லைச் சேர்த்து ஒரே பதிவாகப் போடுவார்கள். 194சி-யில் ஒரு பில் 30,000 ரூபாயைத் தாண்டாமலும் ஆண்டு மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டாமலும் இருந்தால் பிடிக்க வேண்டியதில்லை. சிறு சிறு பில்லாகப் போட்டு வந்து நவம்பரில் 1 லட்சத்தைத் தாண்டியதும், ஏப்ரலிலிருந்து வந்த தொகை முழுவதற்கும் சேர்த்து ஒரே நாளில் பிடிப்பார்கள். அப்போது சான்றிதழில் ஒரு பெரிய தொகை நிற்கும். நம் புத்தகத்தில் அதற்கு ஈடாக ஏழெட்டுச் சின்னப் பில்கள் இருக்கும். கூட்டிப் பார்த்தால் சேரும்.

அதனால் தொகையை மட்டும் வைத்து ஜோடி சேர்க்காதீர்கள். மாதாமாதம் ஒரே தொகைக்குப் பில் போடுபவர்களுக்குத் தொகையால் எதையும் பிரிக்க முடியாது. முதலில் டான், அதற்குள் பிரிவு, அதற்குள் தேதி, கடைசியில்தான் தொகை. இந்த வரிசையில் போனால் தவறான ஜோடி அமைவது அரிது.

## 26ஏஎஸ்ஸில் நிற்கும் ஒற்றை எழுத்து

26ஏஎஸ்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் நிலை என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எஃப் என்றால் சலான் பணமும் அறிக்கையும் பொருந்திவிட்டன, வரி நம் பெயரில் நிற்கிறது. யூ என்றால் பொருந்தவில்லை. பணம் கட்டாமல் இருக்கலாம், கட்டியும் சலான் விவரத்தைத் தவறாகக் கொடுத்திருக்கலாம். ஓ என்றால் சலானில் கட்டியதைவிட அதிகமாக அறிக்கையில் பங்கு போட்டிருக்கிறார்கள். பி என்பது அரசு அலுவலகங்கள் பிடித்ததற்கு மட்டும் வரும், கணக்கு அலுவலர் சரிபார்த்ததும் எஃப் ஆகும். சான்றிதழின் சலான் அட்டவணையிலும் இதே எழுத்துகள் வரும். படத்தில் அந்தக் கடைசிப் பத்தி வெட்டுப்பட்டுவிட்டால் திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நம்மிடம் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் இருப்பவர்களும் உண்டு. அப்போது அந்த வரியை மறுபடியும் நம்மிடம் கேட்கக் கூடாது என்று பழைய சட்டத்தின் 205-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நம்மிடம் பிடித்தார்கள் என்பதை நாம்தான் காட்ட வேண்டும். அதற்கும் பில்லும் பாஸ்புக்கும்தான் துணை.

தலைகீழாகவும் நடக்கும். 26ஏஎஸ்ஸில் ஒரு பதிவு இருக்கும், நம் புத்தகத்தில் அப்படி ஒரு பில்லே இருக்காது. வேறொருவரின் பான் எண்ணைத் தட்டும்போது பிழையாகி நம்முடையதில் வந்து விழுந்திருக்கலாம். சும்மா கிடைக்கிறதே என்று அந்த வரியை ரிட்டர்னில் கோராதீர்கள். வரியோடு அந்த வருமானமும் நம் தலையில் ஏறும். அதே நேரத்தில் எங்கோ ஒருவர் தன் வரியைக் காணாமல் தேடிக்கொண்டிருப்பார். பிடித்தவருக்கு எழுதித் திருத்தச் சொல்வதுதான் முறை.

## ஒரு பட்டறை, நான்கு பில்கள்

மேலே 71,000-ஐ 77,000 என்று படித்தேன் என்றேனே, அந்தப் பட்டறையின் கணக்கையே முழுதாகப் பார்ப்போம். 2025 ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு ஃபேக்டரிக்கு அந்த அண்ணன் போட்ட பில்கள் இவை. தொகைகள் ஜிஎஸ்டி சேராதவை.

| பில் | தேதி | தொகை | 1% வரி | சான்றிதழ் | 26ஏஎஸ் |
|---|---|---|---|---|---|
| 41 | 18-01-2025 | 62,000 | 620 | உண்டு | உண்டு |
| 44 | 10-02-2025 | 48,500 | 485 | உண்டு | உண்டு |
| 47 | 05-03-2025 | 71,000 | 710 | உண்டு | உண்டு |
| 50 | 29-03-2025 | 38,000 | 380 | இல்லை | இல்லை |

சான்றிதழில் வரி 1,815. 26ஏஎஸ்ஸிலும் 1,815, மூன்று பதிவுக்கும் எஃப். இரண்டை மட்டும் ஒப்பிட்டிருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும். பில் பட்டியலோ 2,195 என்கிறது. குறைவது 380, பில் எண் 50.

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, உண்மையிலேயே பிடித்தார்களா என்பது. பாஸ்புக்கைப் பார்த்தோம். 38,000-க்கு 12 சதவீத ஜிஎஸ்டி 4,560, மொத்தம் 42,560. மே மாதம் வந்திருந்தது 42,180. குறைவது சரியாக 380. பிடித்திருக்கிறார்கள். பிடிக்காமல் முழுத் தொகை வந்திருந்தால் தேட ஒன்றுமே இருந்திருக்காது.

இனிப் பிடித்தவரின் புத்தகத்தைத்தான் கேட்க வேண்டும். வழக்கமாகப் பட்டறைக்காரர்கள் போன் செய்து சர்ட்டிபிகேட்டில் குறையுது, சரி பண்ணிக் கொடுங்க என்பார்கள். அங்கே நூற்றுக்கணக்கான பார்ட்டி இருக்கும் கணக்கருக்கு இதை வைத்து ஒன்றும் புரியாது. டிரேசஸிலிருந்து அதே சான்றிதழை மறுபடி இறக்கி அனுப்புவார். அது எத்தனை முறை இறக்கினாலும் அதேதான் வரும். நான் அண்ணனிடம் மூன்றே விஷயத்தைக் கேட்கச் சொன்னேன்: பில் எண் 50, தேதி 29-03-2025 என்று சொல்லி, அதை எந்தத் தேதியில் லெட்ஜரில் ஏற்றினீர்கள், டிடிஎஸ் 380-ஐ எந்த மாதத்தில் சேர்த்தீர்கள், எந்தச் சலானில் கட்டினீர்கள்?

கணக்கர் தன் திரையைப் படம் எடுத்தே அனுப்பினார். பில் எண் 50 ஏறிய தேதி 04-04-2025. சனிக்கிழமை சாயங்காலம் கேட்டில் கொடுத்த பில் அடுத்த வெள்ளிக்கிழமைதான் அவர் மேசைக்கு வந்திருக்கிறது. ஏப்ரலில் ஏற்றியதால் ஏப்ரலில் பிடித்து, மே 7-க்குள் கட்டியிருக்கிறார். தவறு யாரிடமும் இல்லை. நம் புத்தகத்தில் அது 2024-25 வருமானம், அவர் புத்தகத்தில் 2025-26 செலவு. ஆறு நாள் இடைவெளியில் ஒரு நிதியாண்டே நடுவில் வந்துவிட்டது.

இந்த நிலைமையில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டு அறிக்கைக்குக் கடைசி நாள் ஜூலை 31. சான்றிதழ் தர அதற்கு மேல் 15 நாள். அதனால் நாம் கணக்கு முடிக்கும் ஜூன் மாதத்தில் அந்த 380 எந்தச் சான்றிதழிலும் இல்லை, எந்த 26ஏஎஸ்ஸிலும் இல்லை. அந்த நேரத்தில் அது தெரிகிற இடம் பாஸ்புக்கும் ஃபேக்டரியின் லெட்ஜரும் மட்டும்தான்.

அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லலாமா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர்கள் ஏற்றிய தேதி ஏப்ரல், அதை மார்ச் என்று மாற்றச் சொல்வது சரியில்லை. வரியின் வரவு எந்த ஆண்டின் வருமானமோ அந்த ஆண்டுக்குத்தான் என்பது விதி. நாம் 38,000-ஐ 2024-25 வருமானத்தில் காட்டியாயிற்று, வரி பிடித்ததோ அடுத்த நிதியாண்டில். இப்படிப்பட்டவர்களுக்காகவே 2023 அக்டோபர் 1 முதல் படிவம் 71 என்ற வழி இருக்கிறது. வருமானத்தை முந்தைய ஆண்டில் காட்டிவிட்டோம், வரி பின்னால்தான் பிடிக்கப்பட்டது என்று அதில் விண்ணப்பித்தால், முந்தைய ஆண்டுக் கணக்கில் அந்த வரியைச் சேர்த்துத் தருவார்கள். வரி பிடித்த நிதியாண்டு முடிந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

அதனால் ரிட்டர்னில் வருமானம் நான்கு பில்லுக்கும் சேர்த்து 2,19,500, கோரிய வரி 26ஏஎஸ்ஸில் நிற்கும் 1,815 மட்டும். 2,195 என்று கோரியிருந்தால் துறையின் கணினி 26ஏஎஸ்ஸோடு ஒப்பிட்டு 380-ஐ வெட்டி நோட்டீஸ் அனுப்பும்.

ஆகஸ்ட் கடைசியில் புதிய நிதியாண்டுக்கான 26ஏஎஸ்ஸைத் திறந்தோம். அதே டான், 194சி, தேதி 04-ஏப்ரல்-2025, தொகை 38,000, வரி 380, நிலை எஃப். பில் எண் 50-இன் அடிக்கட்டையில் அந்தத் தேதியையும் சலான் வரிசை எண்ணையும் எழுதி வைத்தேன். படிவம் 71-க்கு அந்த அடிக்கட்டையும் மே மாதப் பாஸ்புக் பக்கமும் கணக்கர் அனுப்பிய லெட்ஜர் படமும் ஒரே கவரில் இருக்கின்றன.